முதல் சானெட்டில் திருப்பம்: 9ஆம் அடிக்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை

சானெட்டுக்கு 14 அடி. அதில் ஓர் இடத்தில் கவிதை திரும்ப வேண்டும். அதுவரை ஒரு சிக்கலைச் சொல்லி வந்தது, அந்த இடத்திலிருந்து அதே சிக்கலுக்குள் இன்னொன்றைக் காண வேண்டும். இத்தாலியர்கள் வைத்த பெயர் வோல்டா. நான் திருப்பம் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

ராமேஸ்வரம் தீவிலும் மண்டபத்திலும் முதல் சானெட் எழுதும் இளைஞர்களோடு உட்கார்ந்து படிக்கும்போது ஒரே குறை திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. திருப்பம் இருக்க வேண்டிய அடியில் இருக்கிறது, “ஆனால்” என்ற சொல்லும் இருக்கிறது, ஆனாலும் படிப்பவர் மனம் திரும்பவில்லை. எழுதியவர் மட்டும் திரும்பி நிற்கிறார். எழுதியவர் 9ஆம் அடியை மட்டும் திருத்தித் திருத்திப் பார்க்கிறார். கோளாறு பெரும்பாலும் அங்கே இருக்காது. 3ஆம் அடியிலோ 4ஆம் அடியிலோ இருக்கும்.

இந்த வழிகாட்டி அந்த ஒன்றைப் பற்றித்தான். திருப்பம் எந்த அடியில் வருகிறது, அதைத் தாங்கும் பொருளை எங்கே விதைப்பது, திரும்பும் அடியில் என்ன மாற வேண்டும், சரியாக வந்ததா என்று எப்படிச் சோதிப்பது. இதற்காகவே எழுதிய ஒரு சானெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எந்த அடியில் திருப்புவது

சானெட் 13ஆம் நூற்றாண்டில் சிசிலியில், இரண்டாம் ஃபிரடெரிக்கின் அவையில் பிறந்த வடிவம். அதை உலகறியச் செய்த இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் அதை இரண்டு பகுதியாக வைத்தார்: முதலில் 8 அடி, பிறகு 6 அடி. திருப்பம் இரண்டுக்கும் நடுவே, 9ஆம் அடியின் தொடக்கத்தில். ஆங்கிலத்துக்குப் போனபோது அமைப்பு மாறியது. ஷேக்ஸ்பியரின் சானெட்டுகள் நாலடி நாலடியாக மூன்று கண்ணி, கடைசியில் ஓர் ஈரடி. அங்கே திருப்பம் சில சமயம் 13ஆம் அடிவரை தள்ளிப் போகும். 130ஆவது சானெட்டில் 12 அடி முழுக்கக் காதலியிடம் இல்லாதவற்றை அடுக்கிவிட்டு, ஈரடியில்தான் திரும்புகிறார். 18ஆவதிலோ பழைய முறைப்படி 9ஆம் அடியிலேயே திரும்பிவிடுகிறார். மில்டன் தன் பார்வை போனதைப் பற்றி எழுதிய சானெட்டில் பொறுமை என்பது 8ஆம் அடியின் நடுவிலேயே குறுக்கிடுகிறது. முணுமுணுப்பு முடியும் முன்பே பதில் வந்துவிடுகிறது, அந்தக் கவிதைக்கு அந்த அவசரம் பொருந்தும்.

முதல் சானெட் எழுதுகிறவர் 9ஆம் அடியை எடுத்துக்கொள்ளுங்கள். வடிவத்தின் மேல் உள்ள பக்தியால் இதைச் சொல்லவில்லை, இடம் போதாது என்பதால் சொல்கிறேன். 13ஆம் அடியில் திருப்பினால் உங்களுக்கு மிஞ்சுவது இரண்டே அடி. இரண்டு அடிக்குள் ஒரு தெளிவு வர வேண்டும் என்றால் அது பழமொழி மாதிரிதான் வரும். அதைப் பழமொழி ஆகாமல் காப்பதற்கு நல்ல பயிற்சி வேண்டும். 9இல் திருப்பினால் ஆறு அடி கிடைக்கிறது. அந்த ஆறு அடியில் புதிய பார்வையைச் சொல்லாமல் நடத்திக் காட்ட முடியும். சம்பாதித்த திருப்பம் என்று நான் சொல்வது இதைத்தான்: படிப்பவர் முடிவை ஏற்பதற்கு முன் அதன் வழியே தானும் நடந்திருக்க வேண்டும்.

நம் மரபிலும் இதற்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. கலிப்பாவில் தரவு, தாழிசை, தனிச்சொல், சுரிதகம் என்று உறுப்புகள் வரும். கலித்தொகையில் நெய்தற்கலியைப் புரட்டினால், தாழிசைகள் ஒரே துயரை ஒரே அச்சில் மூன்று முறை சொல்வதைப் பார்க்கலாம். அப்புறம் “எனவாங்கு” என்று ஒரு தனிச்சொல். அதற்குப் பிறகு சுரிதகம் வேறு நடையில் முடித்துவைக்கும். “எனவாங்கு” என்ற சொல்லுக்குத் தனியாகப் பெரிய பொருள் கிடையாது. அதற்கு முன் மூன்று தாழிசைகள் ஏற்றிவைத்த பாரம்தான் அதைத் திருப்பமாக ஆக்குகிறது. “ஆனால்” என்பதும் அப்படித்தான். அந்தச் சொல் திருப்பாது, முன்னால் ஏற்றிய பாரம்தான் திருப்பும்.

எழுதுவதற்கு முன்: இரண்டு வாக்கியங்கள்

ஒரு தாளில் இரண்டு வாக்கியம் உரைநடையில் எழுதுங்கள். ஒன்று சிக்கல், இன்னொன்று தெளிவு. பிறகு முதல் வாக்கியத்தைக் கையால் மறைத்துவிட்டு இரண்டாவதை மட்டும் வாசியுங்கள். அது தனியாகவே நிற்கிறதா, யார் வாயில் வைத்தாலும் பொருந்துகிறதா? அப்படியானால் அது இந்தக் கவிதைக்கு உரிய தெளிவு இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு. பாம்பன் தீவில் கடல் இரண்டு. வடக்கே பாக் நீரிணைப் பக்கம் வடகடல், தெற்கே மன்னார் வளைகுடா தென்கடல். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் வடகடல் கலங்கிக் கிடக்கும், தென்கடல் அமைதியாக இருக்கும். கச்சான் காற்று அடிக்கும்போது நேர்மாறு. சிறிய வள்ளம் வைத்திருப்பவர்கள் காற்றைப் பார்த்துக் கரை மாறுவார்கள். இதை வைத்து எழுத வந்த ஓர் இளைஞர் சிக்கலை இப்படி எழுதினார்: “அப்பா ஒரு கரையில் நிலையாக இருந்ததே இல்லை, எங்களுக்கு வீடு எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை.” நல்ல சிக்கல். தெளிவை இப்படி எழுதினார்: “இன்பமும் துன்பமும் மாறி மாறி வரும்.” முதல் வாக்கியத்தை மறைத்துவிட்டு இதைப் படித்தால் நாட்காட்டித் தாளின் அடியில் அச்சிடும் வரி மாதிரி இருக்கிறது. அப்பாவும் இல்லை, கரையும் இல்லை, காற்றும் இல்லை. நான் அவரிடம் கேட்டது ஒன்றுதான்: “தம்பி, வீடு எந்தப் பக்கம் என்று கேட்டீங்களே, அந்தக் கேள்விக்கு இது பதிலா?” கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்பா எப்பவும் காத்து அடிக்காத பக்கமாத்தான் எங்களைக் கூட்டிட்டுப் போயிருக்காருக்கா” என்றார். அதுதான் தெளிவு. சிக்கலில் இருந்த அதே அலைச்சல், அதே அப்பா. அலைச்சலாகத் தெரிந்தது காவலாகத் தெரிகிறது.

கவனியுங்கள், புதிய பொருள் எதுவும் உள்ளே வரவில்லை. முன்பே இருந்த பொருளின் பொருள் மாறியது. இந்த ஒன்றை மனதில் இறுத்திக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

எடுத்துக்கொண்ட கவிதை

தனுஷ்கோடி மணலில் குடிநீர் எடுக்கும் முறை இந்தக் கடற்கரையில் எல்லாருக்கும் தெரியும். கடலுக்குப் பக்கத்திலேயே மணலைக் கையால் தோண்டினால் கொஞ்ச ஆழத்தில் நல்ல தண்ணீர் ஊறும். மழைநீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கும் கடல்நீரின் மேல் மிதந்து கிடக்கிறது. உப்புநீர் கனமானது, நன்னீர் அதைவிட இலேசு. அதனால் மேலாகத் தோண்டினால் நன்னீர் கிடைக்கும். ஆசைப்பட்டு ஆழமாகப் போனால் கரிக்கத் தொடங்கிவிடும். ஊற்று மெதுவாகத்தான் நிறையும், காத்திருந்து அள்ள வேண்டும்.

இன்னொரு பக்கம், 1964 டிசம்பர் 22 இரவுப் புயல். அந்த ஊரே போன இரவு. பிழைத்து வந்தவர்கள் வீட்டில் பேரப்பிள்ளைகள் அந்த இரவைக் கேட்பார்கள், பெரியவர்கள் பேச மாட்டார்கள் அல்லது எதையோ சின்னதாகச் சொல்லி நிறுத்திவிடுவார்கள்.

இரண்டு வாக்கியங்கள் இப்படி அமைந்தன. சிக்கல்: அந்த இரவைப் பற்றி எவ்வளவு கேட்டாலும் அப்பத்தா சோறு, அடுப்பு என்று சின்ன விஷயங்களையே சொல்கிறாள். தெளிவு: அவள் சொன்ன அந்தச் சின்ன விஷயத்திலேயே நின்று கேட்டால் மற்றது தானாக ஊறி வருகிறது. இரண்டாவதை மட்டும் படித்தால் “சின்ன விஷயம்” எது, “நின்று கேட்பது” என்றால் என்ன என்று தெரியாது. சோதனையில் தேறுகிறது.

கவிதை இது. தளை பார்க்கவில்லை. அடிக்கு நான்கு சீர், இரண்டிரண்டு அடியாக எதுகை.

ஊற்று

முட்டியை ஊன்றி மணலைத் தோண்டி,
கொட்டாங் கச்சியில் அள்ளுவாள் அப்பத்தா;
“முழங்கை மட்டும்; அதன்கீழ் உப்பு.”
பழகிய கைகள் அங்கே நிற்கும்.
அந்தப் புயலின் இரவைக் கேட்டேன்;
“வெந்தது பாதி உலைச்சோறு” என்றாள்.
யாரைத் தேடினாய், யாரை விட்டாய்?
நீரை ஊற்றி அடுப்பை அணைத்தாளாம்.

இன்றைக்கு என்னைத் தோண்ட விட்டாள்;
நின்றன கைகள் முழங்கை மட்டில்.
பாதி வெந்த சோற்றைக் கேட்டேன்,
மீதியும் வெந்தால் யாருக்கு என்று;
உண்ண இருந்தோர் பேர்களைச் சொன்னாள்;
எண்ணி முடிக்கையில் ஊற்று நிறைந்தது.

ஒலி பற்றி ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். பெட்ரார்க் முறையில் அடியின் கடைசியில் ஓசை ஒத்துவர வேண்டும். தமிழில் அதை அப்படியே எடுத்தால் பயன் குறைவு. நம் வாக்கியங்கள் வினையில் முடிவதால் கேட்டேன், சென்றேன், என்றாள், சொன்னாள் என்று அடிகள் தாமாகவே ஒத்து ஒலிக்கும். அந்த ஒலி காதில் ஓர் அமைப்பாகப் பதியாது. எதுகை பதியும். இரண்டிரண்டு அடியாக வைத்தால் 7, 8ஆம் அடிகள் ஒரு சோடியாக முடிந்துவிடும், 9ஆம் அடி புதிய எதுகையோடு தொடங்கும். திரும்புகிற இடத்தில் எதுகை ஒன்று பாதியில் தொங்காமல் இருப்பது முக்கியம்.

3ஆம், 4ஆம் அடி: விதைப்பது

இந்தக் கவிதையைத் தாங்குவது “முழங்கை மட்டும், அதன்கீழ் உப்பு” என்ற அடி. அது எந்த இடத்தில் எப்படி வருகிறது என்று பாருங்கள். தண்ணீர் அள்ளும்போது அப்பத்தா சொல்லும் சாதாரணப் பேச்சு அது. உட்பொருள் எதுவும் தெரியாமல், தொழில் சொல்லாகவே வருகிறது. அங்கே அது தண்ணீரைப் பற்றி மட்டும்தான்.

விதைக்கும் பொருளுக்கு இரண்டு தகுதி வேண்டும். ஒன்று, முதல் வாசிப்பில் அது தன் நேர்ப்பொருளிலேயே முழுதாக இருக்க வேண்டும். அது அங்கே வருவதற்குச் சொந்தமாக ஒரு காரணம் இருந்தால் படிப்பவர் சந்தேகப்பட மாட்டார். இரண்டு, அதற்குள் ஓர் இயக்கம் இருக்க வேண்டும், வெறும் தோற்றம் போதாது. நிலா, அலை, நட்சத்திரம் எல்லாம் முதல் சானெட்டில் சோடை போவதற்குக் காரணம், அவை எதையும் செய்வதில்லை. ஊற்று செய்கிறது: ஓர் அளவில் நிறுத்தினால் ஒன்று தருகிறது, தாண்டினால் வேறொன்று தருகிறது. உப்பளம், பதநீர் இறக்குவது, கடலில் கஞ்சிப்பாசி எடுப்பது, வலை பொத்துவது என்று இந்தக் கரையில் இப்படி இயங்கும் பொருள்கள் நிறைய. அந்த வேலையைச் செய்பவர்கள் சொல்லும் விதிகளைக் கேட்டுக் குறித்துவையுங்கள். ஒரு விதி உங்கள் சிக்கலின் உருவத்தோடு ஒத்துப் போனால் அதுதான் விதை.

சங்கப் பாடல்களில் கருப்பொருளை வைத்து உள்ளுறை சொன்ன முறையும் இதுதான். நாரையும் மீனும் புன்னையும் முதலில் நாரையாக, மீனாக, புன்னையாக இருக்கும். பொருள் அப்புறம்தான் ஏறும்.

எங்கே விதைப்பது என்றால், 3ஆம் அடிக்கும் 6ஆம் அடிக்கும் இடையில். முதல் இரண்டு அடியில் வைத்தால் படிப்பவர் இடத்தையும் ஆளையும் பிடிக்கும் அவசரத்தில் அதைத் தவறவிடலாம். 7, 8இல் வைத்தால் திருப்பத்துக்கு மிக அருகில் வந்து, வசதிக்காகக் கொண்டுவந்தது போலத் தெரியும். நடுவில் சில அடி இடைவெளி வேண்டும். அதற்குள் படிப்பவர் அதை மறந்திருக்க வேண்டும், ஆனால் நினைவூட்டினால் உடனே வரும் தூரத்தில் இருக்க வேண்டும்.

விதைக்காமல் எழுதினால் எப்படி இருக்கும் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் எட்டடியில் உப்பைப் பற்றிய பேச்சே இல்லை என்று வைத்துக்கொள்வோம். 9, 10ஆம் அடிகள் இப்படி வருகின்றன:

ஆனால் ஒருநாள் உணர்ந்து கொண்டேன்,
ஆழம் போனால் உப்பே மிஞ்சும்.

சீர்க்கணக்கில் குறை இல்லை, கருத்தும் பொய் இல்லை. ஆனால் உப்பு இங்கேதான் முதல்முறை வருகிறது. படிப்பவர் அதை நம்புவதற்கு எழுதியவரின் சொல்லைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. “உணர்ந்து கொண்டேன்” என்ற சொல் அந்த ஆதாரம் இல்லாததை மறைக்கப் பார்க்கிறது. உங்கள் 9ஆம் அடியில் உணர்ந்தேன், புரிந்தது, தெளிந்தேன், விளங்கியது என்று ஏதாவது இருந்தால், மேலே விதை விழவில்லை என்பதற்கு அது பெரும்பாலும் நல்ல அடையாளம். அந்த வினையை நீக்கிவிட்டு ஆளை ஒரு செயல் செய்யவையுங்கள்.

5 முதல் 8 வரை: தோற்க வேண்டும்

சிக்கலை வருணித்தால் மட்டும் போதாது. அதைத் தீர்க்க ஒரு முயற்சி நடந்து அது தோற்க வேண்டும். இல்லாவிட்டால் திருப்பம் எதிலிருந்து திரும்புகிறது என்றே தெரியாது.

இந்தக் கவிதையில் இரண்டு முயற்சி இருக்கிறது. 5இல் கேள்வி, 6இல் சோறு. 7இல் கேள்வி, 8இல் அடுப்பு. இரண்டாவது கேள்வி முதலாவதைவிடக் கூரானது: “யாரைத் தேடினாய், யாரை விட்டாய்?” கேட்பவர் ஆழமாகத் தோண்டுகிறார். இதைக் கவிதை எங்கேயும் சொல்லவில்லை. கேள்வியின் அழுத்தம் கூடுவதில் மட்டும் தெரிகிறது. “தோண்டித் துருவிக் கேட்டேன்” என்று ஒரு வார்த்தை போட்டிருந்தால் போச்சு. ஊற்றும் கேள்வியும் ஒன்று என்று 7ஆம் அடியிலேயே வெளிப்பட்டிருக்கும், 9ஆம் அடிக்கு வேலை இருந்திருக்காது. கசிவு பெரும்பாலும் இப்படி ஒரே ஒரு வினைச்சொல்லில்தான் நடக்கும். முதல் எட்டடியில் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகப் பொருந்தும் சொல் ஏதாவது இருக்கிறதா என்று தேடி எடுத்துவிடுங்கள்.

தோல்வியில் இன்னொரு நுணுக்கம் உண்டு. எதிராளியின் பதில் வெறும் மௌனமாக இருந்தால் திருப்பத்துக்குப் பிடி கிடைக்காது. அப்பத்தா மௌனமாக இல்லை, பதில் சொல்கிறாள். கேட்டவருக்குத்தான் அது பதிலாகத் தெரியவில்லை. பாதி வெந்த சோறு பிறகு 11ஆம் அடியில் திரும்ப வரும்போதுதான் அது எவ்வளவு பெரிய பதில் என்று தெரிகிறது. ஆகவே தோற்கும் முயற்சியின் உள்ளேயே ஒரு பிடியை விட்டுவையுங்கள்.

8ஆம் அடியை முழுதாக மூடிவிடாதீர்கள். “அணைத்தாளாம்” என்பதில் உள்ள ஆம் கேட்டவரின் சலிப்பைக் காட்டுகிறது. இதையெல்லாம் யார் கேட்டார்கள் என்ற தொனி. அந்த எரிச்சல் முடியாமல் நிற்கும் இடத்தில் இடைவெளி விழுகிறது. 8ஆம் அடியில் “அவள் சொல்லவே இல்லை, நான் சோர்ந்து போனேன்” என்று முடித்திருந்தால் கவிதை அங்கேயே முடிந்துபோயிருக்கும்.

9ஆம், 10ஆம் அடி: எது மாறுகிறது

திரும்பும் இடத்தில் சொல்லும் முறையில் ஏதாவது இரண்டு மாறினால் போதும். எல்லாவற்றையும் மாற்றினால் வேறொரு கவிதை தொடங்கியது போலாகிவிடும்.

இங்கே மாறியது காலமும் ஆளும். 1 முதல் 4 வரை வழக்கம்: அள்ளுவாள், நிற்கும். 5 முதல் 8 வரை நாள் குறிக்காத பழைய பேச்சு. 9இல் “இன்றைக்கு” என்று ஒரு நாள் வருகிறது. இதுவரை அப்பத்தா தோண்டினாள், இப்போது பேரப்பிள்ளை தோண்டுகிறது. “ஆனால்” இல்லை. தேவைப்படவும் இல்லை. இந்த மாற்றங்களே அந்த வேலையைச் செய்துவிட்டன. “ஆனால்” போடுவது பாவம் என்று சொல்லவில்லை, ஷேக்ஸ்பியரின் 18ஆவதில் அதற்கு ஈடான சொல்தான் 9ஆம் அடியைத் தொடங்குகிறது. முதலில் அது இல்லாமல் எழுதிப் பாருங்கள். திருப்பம் அப்போதும் தெரிந்தால், ஓசைக்கு வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம்.

உண்மையில் திருப்பம் நடப்பது 10ஆம் அடியில்: “நின்றன கைகள் முழங்கை மட்டில்.” 4ஆம் அடியின் “அங்கே நிற்கும்” திரும்ப வருகிறது, இந்த முறை வேறு கைகளில். தமிழில் வினை கடைசியில் வருவது வழக்கம். அதனால் வாக்கியத்தின் முடிவு எப்போதும் அடியின் கடைசிச் சீருக்குத் தள்ளிப் போகும். திரும்பும் அடியில் இது உங்களுக்கு உதவலாம், இடைஞ்சலும் செய்யலாம். இங்கே வினையை முன்னால் கொண்டுவந்தது, நிற்பது என்பதை முதல் சீரிலேயே கேட்கச் செய்வதற்காக. சொல்பவர் தம் சொந்தக் கூற்றில் இப்படி முற்றுவினையை வைத்து அடியைத் தொடங்குவது இந்த ஓர் இடத்தில் மட்டும்தான். வேறு அடிகளிலும் அப்படி எழுதியிருந்தால் இங்கே அது காதில் விழாது. உங்கள் கவிதையில் இப்படி ஒரு தனி அசைவைத் திருப்பத்துக்கென்று சேமித்துவையுங்கள்.

11 முதல் 14 வரை: விளக்காமல் நடத்துவது

திருப்பம் வந்தவுடன் அதற்குப் பொருள் சொல்லும் ஆசை வரும். “கேள்வியும் ஊற்றுத்தான்” என்று ஓர் அடி எழுதக் கை துறுதுறுக்கும். எழுதாதீர்கள். பதிலாக, மாறிய பார்வையோடு அந்த ஆள் என்ன செய்கிறார் என்று காட்டுங்கள். இங்கே அவர் கேள்வியை மாற்றுகிறார். புயலை விட்டுவிட்டு, அப்பத்தா ஏற்கனவே கொடுத்த பாதி வெந்த சோற்றைக் கேட்கிறார். உலையில் அரிசி போட்டால் அது எத்தனை பேருக்கு என்று ஒரு கணக்கு இருக்கும். அந்தக் கணக்கின் வழியே பெயர்கள் வருகின்றன. 7ஆம் அடியில் கேட்டுக் கிடைக்காத பதில், “யாரை” என்பதற்கான பதில், 13ஆம் அடியில் வந்துவிட்டது.

கடைசி அடியில் ஊற்று நிறைகிறது. ஊற்று மெதுவாக நிறையும் என்பது உண்மையான விவரம், அதனால் அது பெயர்களின் எண்ணிக்கையையும் சொல்லிவிடுகிறது. எத்தனை பேர் என்று கவிதை சொல்லவில்லை, ஊற்று நிறையும் நேரம் சொல்கிறது.

11 முதல் 14க்குள் இன்னொரு திருப்பம் வைக்க வேண்டாம். முதல் சானெட்டில் ஈரடி முடிவின் பளிச்சென்ற தன்மைக்கு ஆசைப்பட்டு, 9இல் ஒன்று, 13இல் ஒன்று என்று வைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி வைத்தால் முதலாவது பொய்த்துப்போகும். கடைசி இரண்டடி 10ஆம் அடியின் விளைவாக இருக்கட்டும்.

சோதனை

முதல் எட்டடியை மறைத்துவிட்டுக் கீழ் ஆறடியை மட்டும் படியுங்கள். “நின்றன கைகள் முழங்கை மட்டில்” என்பது அப்போது வெறும் தகவலாகத் தெரிய வேண்டும், ஏன் அங்கே நின்றன என்றே விளங்கக் கூடாது. ஆறடியும் தனியாக நன்றாக விளங்கினால், மேல் எட்டடி வெறும் முன்னுரையாக இருக்கிறது என்று பொருள்.

அடுத்து, விதைத்த அடிகளை மட்டும் நீக்கிவிட்டு முழுவதும் படியுங்கள். இந்தக் கவிதையில் 3, 4ஐ எடுத்தால் 10ஆம் அடி விழுந்துவிடும். அப்படி விழ வேண்டும். எடுத்தாலும் விழாமல் நின்றால், திருப்பம் வேறு எதையோ நம்பியிருக்கிறது. அது என்னவென்று தேடுங்கள். சில சமயம் அதுவே நீங்கள் நினைத்ததைவிட நல்ல விதையாக இருக்கும்.

மூன்றாவதற்கு ஓர் ஆள் வேண்டும். கவிதையைக் கையில் கொடுக்காமல் நீங்களே வாசியுங்கள், ஏதோ மாறியது என்று தோன்றும் இடத்தில் கையைத் தூக்கச் சொல்லுங்கள். 9இலோ 10இலோ தூக்கினால் சரி. 4, 5இல் தூக்கினால் கசிந்திருக்கிறது, பொதுச்சொல்லைத் தேடுங்கள். 13இல் தூக்கினால் உங்கள் 9ஆம் அடி காட்சியை மட்டும் மாற்றியிருக்கிறது, பார்வையை மாற்றவில்லை. பொழுது விடிந்தது, மழை நின்றது என்று 9இல் எழுதுபவர்களுக்கு இதுதான் நடக்கும். கையே தூக்கவில்லை என்றால் 5 முதல் 8க்குள் முயற்சி எதுவும் தோற்கவில்லை, அங்கே போங்கள். கை தூக்கியவரிடம் கவிதையின் பொருளைக் கேட்க வேண்டாம். எந்தச் சொல்லில் கை எழுந்தது என்று மட்டும் கேளுங்கள். அந்தச் சொல் விதைத்த பொருளோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும்.

எல்லாச் சிக்கலும் 9ஆம் அடியில் திரும்பச் சம்மதிக்காது. சிக்கலைச் சொல்லி முடிக்கவே பன்னிரண்டு அடி கேட்கும் கவிதை உண்டு. ஒவ்வொரு அடியும் முந்தைய அடியைவிடக் கனம் ஏறிக்கொண்டே போகும் பட்டியல் போன்றவை அப்படி. எட்டடிக்குள் சுருக்கினால் கனம் குறைகிறது என்று தெரிந்தால், அந்தக் கவிதையை ஈரடித் திருப்பத்துக்கு விட்டுக்கொடுங்கள். ஆனால் அங்கேயும் விதை 12 அடிக்குள் எங்கோ விழுந்திருக்க வேண்டும். இடைவெளி நீளம் என்பதால் 8ஆம் அடிப் பக்கம் விதைப்பது நல்லது. 3இல் விதைத்தால் 13க்கு வருவதற்குள் படிப்பவர் அதை முழுதாக மறந்திருப்பார்.